ஓலெட் திரையின் பின்னால் 0x78, எடுத்துக்காட்டு நிரலில் 0x3D: எந்த முகவரியைக் கொடுப்பது?

கெடிலக்கரை, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் பழுது பார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் வீட்டில் பேட்டரியின் வோல்ட்டை எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய பெட்டியைச் செய்து கொடுக்க வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. அதற்காக ஓர் அர்டுயினோ நானோவும், 0.96 அங்குல ஓலெட் திரை ஒன்றும் வாங்கினேன். திரையில் நான்கு பின்கள் மட்டுமே இருக்கின்றன. அவற்றின் அருகில் கிரவுண்டு, விசிசி, எஸ்சிஎல், எஸ்டிஏ என்ற வரிசையில் அச்சிட்டிருக்கிறது.

கிரவுண்டைக் கிரவுண்டிலும், விசிசியை 5 வோல்ட்டிலும், எஸ்டிஏவை ஏ4 பின்னிலும், எஸ்சிஎல்லை ஏ5 பின்னிலும் இணைத்தேன். `Adafruit_SSD1306` லைப்ரரியுடன் வரும் 128x64 எடுத்துக்காட்டை ஒரு எழுத்தும் மாற்றாமல் பதிவேற்றினேன். பதிவேற்றம் முடிந்தது, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது.

திரையைத் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் முகவரியைத் தேர்ந்தெடுக்கும் இடம் என்று எழுதி, 0x78 என்றும் 0x7A என்றும் இரண்டு எண்கள் இருக்கின்றன. 0x78 பக்கத்தில் ஒரு குட்டி ரெசிஸ்டர் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. எடுத்துக்காட்டு நிரலிலோ 0x3D என்று இருக்கிறது. இணையத்தில் சிலர் 0x3C என்கிறார்கள். ஒரு திரைக்கு இத்தனை முகவரிகள் எப்படி இருக்க முடியும், நான் எதைக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வில்லியனூர்ப் பொறியாளர், புதுச்சேரி

பலகையிலேயே 0x78 என்று அச்சிட்டுக் கொடுத்திருக்கும்போது வேறு எண்ணைத் தேட வேண்டியதில்லை. நிரலில் 0x3D இருக்கும் இடத்தில் 0x78 என்று எழுதிப் பாருங்கள். நான் ஒரு தொழிற்சாலை வேலைக்காக இதே திரையைப் பயன்படுத்தியபோது 0x78 என்றுதான் கொடுத்தேன், முதல் முயற்சியிலேயே எழுத்து வந்தது.

அப்படியும் வரவில்லையென்றால் திரை இறந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அந்த எடுத்துக்காட்டில் `display.begin()` தோற்றால் `SSD1306 allocation failed` என்ற செய்தி சீரியல் மானிட்டரில் வந்து நிரல் அங்கேயே நின்றுவிடும். உங்களுக்கு அந்தச் செய்தி வரவில்லை. ஆகவே நானோவுக்கும் திரைக்கும் இடையே பேச்சு நன்றாகவே நடக்கிறது, ஒளிரும் பகுதிதான் கெட்டிருக்கிறது.

கெடிலக்கரை, கடலூர்

ஐயா சொன்னபடி 0x78 கொடுத்துப் பார்த்தேன். திரை அப்படியே கறுப்பாகத்தான் இருக்கிறது. இப்போதும் அந்தச் செய்தி வரவில்லை. கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

தயவுசெய்து திருப்பிக் கொடுக்காதீர்கள். அந்தத் திரை கெட்டுவிட்டது என்பதற்கு இதுவரை எந்தச் சான்றும் இல்லை. ஓர் ஆலையில் கருவிகள் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தத் திரைகளைப் பத்துப் பதினைந்தாவது இணைத்திருப்பேன். பொறியாளர் தம்பி சொன்ன இரண்டுமே பாதிதான் சரி. அதை விளக்கினால்தான் கெடிலக்கரைக்கு எந்த எண்ணைக் கொடுப்பது என்பது புரியும்.

நம் ஊர்த் தெருக்களில் ஒரே வீட்டின் கதவில் பழைய எண் என்றும் புதிய எண் என்றும் இரண்டு எண்கள் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப்போல 0x78, 0x3C இரண்டும் ஒரே முகவரிதான். இந்த இரண்டு கம்பிப் பேச்சில் நானோ முதலில் அனுப்புவது எட்டு பிட்டுகள். அவற்றில் முதல் ஏழு பிட்டுகள் யாரைக் கூப்பிடுகிறோம் என்பதைச் சொல்கின்றன. கடைசி ஒரு பிட், எழுதப் போகிறோமா படிக்கப் போகிறோமா என்பதைச் சொல்கிறது. எழுதும்போது அது பூஜ்யம். பலகையைத் தயாரித்தவர்கள் அந்த எட்டு பிட்டுகளையும் ஒன்றாக எண்ணி 0x78 என்று அச்சிட்டிருக்கிறார்கள். அர்டுயினோவின் `Wire` லைப்ரரியோ முதல் ஏழு பிட்டுகளை மட்டும்தான் நம்மிடம் கேட்கிறது, எட்டாவது பிட்டை அதுவே சேர்த்துக்கொள்கிறது. பத்தடிமானக் கணக்கில் சொன்னால் 0x78 என்பது 120. அதில் பாதி 60, அதாவது 0x3C. அதேபோல் 0x7A என்பது 122, அதில் பாதி 61, அதாவது 0x3D. ஆகவே ரெசிஸ்டர் 0x78 பக்கம் இருந்தால் நிரலில் 0x3C, 0x7A பக்கம் இருந்தால் 0x3D.

நிரலில் 0x78 என்றே எழுதினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். `Wire` அந்த 120-ஐ இருமடங்காக்கி 240 என்று, அதாவது 0xF0 என்று கம்பியில் அனுப்பும். அந்த எண் பத்து பிட் முகவரிகளுக்காக ஒதுக்கி வைக்கப்பட்ட வரிசையில் இருப்பது. உங்கள் திரை அதற்குப் பதில் சொல்லவே சொல்லாது.

இப்போது `allocation failed` செய்திக்கு வருகிறேன், ஏனென்றால் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். அந்த லைப்ரரி திரையின் 128x64 புள்ளிகளுக்காக நானோவின் நினைவகத்தில் 1024 பைட் இடம் கேட்கிறது. நானோவில் மொத்தமே 2048 பைட்தான் இருக்கிறது. அந்த இடம் கிடைக்கவில்லை என்றால் மட்டுமே `begin()` தோல்வி என்று சொல்லும். திரை பதில் சொன்னதா என்று அது பார்ப்பதே இல்லை. திரையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அதே நிரலை ஓட்டிப் பாருங்கள், அப்போதும் அந்தச் செய்தி வராது. ஆகவே செய்தி வராததை வைத்துக்கொண்டு பேச்சு நன்றாக நடக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

எனவே முகவரியை ஊகிக்காமல் கம்பியிடமே கேட்டுவிடுவோம். கீழே உள்ள நிரல் 8 முதல் 119 வரை ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டு, யார் பதில் சொல்கிறார்களோ அவர்களுடைய எண்ணை மட்டும் எழுதும்.

```
#include <Wire.h>

void setup() {
  Wire.begin();
  Serial.begin(9600);
}

void loop() {
  for (byte a = 8; a < 120; a++) {
    Wire.beginTransmission(a);
    if (Wire.endTransmission() == 0) {
      Serial.print("0x");
      Serial.println(a, HEX);
    }
  }
  Serial.println("--");
  delay(1000);
}
```

இதை `setup()` பகுதியில் ஒரே முறை ஓடும்படியும் எழுதலாம். நான் வேண்டுமென்றே `loop()` பகுதியில் வைத்திருக்கிறேன். நொடிக்கு ஒரு முறை அது தேடிக்கொண்டே இருந்தால், நீங்கள் ஒயரைத் தொட்டும் அசைத்தும் பார்க்கும்போது எந்த இடத்தில் தொடர்பு விட்டுப்போகிறது என்பது மானிட்டரிலேயே தெரிந்துவிடும்.

கெடிலக்கரை, கடலூர்

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. பழைய எண், புதிய எண் என்று நீங்கள் சொன்னதும் அந்த இரண்டு எண்களின் குழப்பம் தீர்ந்துவிட்டது.

ஆனால் தேடும் நிரலை ஓட்டினால் வெறும் கோடுகள் மட்டுமே வந்துகொண்டிருக்கின்றன, ஒரு முகவரியும் வரவில்லை. எஸ்டிஏவையும் எஸ்சிஎல்லையும் மாற்றிப் போட்டும் பார்த்தேன். ஏ4, ஏ5 இரண்டிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 5 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டுகிறது. அப்படியானால் ஒயர் சரியாகத்தானே இருக்கிறது?

காலாப்பட்டு மாணவி

அண்ணா, எனக்கும் இப்படித்தான் ஒன்றும் வராமல் இருந்தது. நான் நானோவுக்குப் பதிலாக நோட்எம்சியு வைத்திருக்கிறேன். அதில் எஸ்டிஏ டி2 பின்னிலும், எஸ்சிஎல் டி1 பின்னிலும் வர வேண்டும். நான் டி1, டி2 என்ற வரிசையைப் பார்த்து எஸ்டிஏவை டி1-இல் கொடுத்திருந்தேன். மாற்றியதும் 0x3C என்று வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் முதல் திரையில் பின்களின் வரிசை கிரவுண்டு, விசிசி என்று இருந்தது. இரண்டாவதாக வாங்கிய திரை பார்ப்பதற்கு அச்சாக அதேபோல்தான் இருந்தது. ஆனால் அதில் விசிசி முதலிலும் கிரவுண்டு இரண்டாவதாகவும் இருந்ததைக் கவனிக்காமல் அதே இடத்தில் செருகிவிட்டேன். விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. உடனே பிடுங்கியும் அந்தத் திரை அதன் பிறகு வேலை செய்யவில்லை. பலகையில் இருக்கும் எழுத்தை ஒவ்வொரு முறையும் படித்துவிட்டுத்தான் ஒயரைச் செருக வேண்டும்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

மாணவி சொன்ன இரண்டும் உண்மை. நோட்எம்சியுவில் திரையின் விசிசியை 3.3 வோல்ட்டில்தான் கொடுக்க வேண்டும் என்பதையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. திரைப் பலகையில் இருக்கும் ரெசிஸ்டர்கள் இரண்டு கம்பிகளையும் விசிசியை நோக்கி இழுத்து வைப்பவை. 5 வோல்ட் கொடுத்தால் அந்த 5 வோல்ட் நோட்எம்சியுவின் பின்களுக்கும் போய்ச் சேரும், அது 3.3 வோல்ட்டுக்காக அமைந்தது.

கெடிலக்கரை, நீங்கள் அளந்த இடம்தான் உங்களை ஏமாற்றுகிறது. `Wire.begin()` ஓடியவுடன் நானோ தன் உள்ளே இருக்கும் பலவீனமான ரெசிஸ்டர்களைக் கொண்டே ஏ4, ஏ5 இரண்டையும் மேலே இழுத்து வைத்துவிடும். திரை இணைக்கப்படாமல் இருந்தாலும் நானோவின் பக்கம் 5 வோல்ட்டுக்கு அருகில்தான் காட்டும். அந்த அளவு திரையைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை.

திரையின் பக்கம் அளந்து பாருங்கள். முதலில் எல்லா ஒயர்களையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, திரைப் பலகையின் விசிசி ஈயப் பொட்டுக்கும் எஸ்டிஏ ஈயப் பொட்டுக்கும் நடுவே அளந்து கொள்ளுங்கள். பெரும்பாலும் 4.7 கிலோ ஓமோ 10 கிலோ ஓமோ காட்டும். எஸ்சிஎல்லுக்கும் அதே அளவு வர வேண்டும். இது சரியாக இருந்தால், அடுத்ததாகத் திரையின் பலகைக்கும் அதன் பின்னுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் திரையில் பின்களுக்கு ஈயம் வைத்து வந்ததா, அல்லது பின் வரிசை தனியாகப் பையில் வந்ததா?

கெடிலக்கரை, கடலூர்

ஐயா, பின் வரிசை தனியாகத்தான் வந்தது. முதலில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு ஈயம் வைக்கலாம் என்று எண்ணி, பின்களைத் துளையில் நுழைத்துப் பிரெட்போர்டில் அப்படியே செருகியிருந்தேன்.

உங்கள் பதிலைப் படித்ததும் தேடும் நிரலை ஓட விட்டு, திரையின் மேல் ஓரத்தைக் கட்டை விரலால் ஒரு பக்கமாக அழுத்திப் பார்த்தேன். அழுத்தியவுடன் மானிட்டரில் 0x3C என்று வந்தது. விரலை எடுத்ததும் மீண்டும் வெறும் கோடு வந்தது. நான்கைந்து முறை அழுத்தி எடுத்தேன், ஒவ்வொரு முறையும் விரல் சொன்னபடியே 0x3C வந்து வந்து போனது. இருபது வருடமாக ஈயம் வைக்கும் வேலை செய்பவன் நான், இதில் அவசரப்பட்டிருக்கக் கூடாது.

நான்கு பின்களுக்கும் ஈயம் வைத்துவிட்டேன். இப்போது நொடிக்கு ஒரு முறை 0x3C தவறாமல் வருகிறது. எடுத்துக்காட்டில் 0x3D-ஐ 0x3C என்று மாற்றியதும் திரை முழுவதும் கோடுகளும் வட்டங்களுமாக ஓடத் தொடங்கிவிட்டன.

வில்லியனூர்ப் பொறியாளர், புதுச்சேரி

திரை கெட்டுவிட்டது என்று நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். `begin()` இப்படி நடந்துகொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் 0x78 கொடுத்து என் திரை வேலை செய்தது பொய்யில்லை. பழைய நிரலை எடுத்துப் பார்த்தேன், அதில் இந்த வரிதான் இருக்கிறது.

```
u8g2.setI2CAddress(0x78);
```

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

தம்பி, அதுவும் சரிதான். நீங்கள் பயன்படுத்தியது `U8g2` லைப்ரரி. அது எட்டு பிட் எண்ணைக் கேட்டு வாங்கி, தானே பாதியாக்கி `Wire`-இடம் கொடுக்கிறது. அங்கே 0x3C என்று கொடுத்திருந்தால்தான் உங்களுக்குத் திரை வந்திருக்காது. சொல்லப்போனால் இந்த வகைத் திரைக்கு அந்த வரியே வேண்டாம், அந்த லைப்ரரி எடுத்துக்கொள்ளும் இயல்பு எண்ணே 0x78 தான். ஒரு லைப்ரரிக்கு எழுதிய குறிப்பை இன்னொரு லைப்ரரிக்குக் கொண்டுபோவதால்தான் இந்தக் குழப்பம் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது.

கெடிலக்கரை, இனி உங்கள் எழுத்தைக் காட்டும் நிரலை எழுதலாம். இவ்வளவு போதும்.

```
#include <Wire.h>
#include <Adafruit_GFX.h>
#include <Adafruit_SSD1306.h>

Adafruit_SSD1306 display(128, 64, &Wire, -1);

void setup() {
  display.begin(SSD1306_SWITCHCAPVCC, 0x3C);
  display.clearDisplay();
  display.setTextSize(2);
  display.setTextColor(SSD1306_WHITE);
  display.setCursor(0, 0);
  display.println("12.6 V");
  display.display();
}

void loop() {}
```

`Adafruit_SSD1306 display` என்று தொடங்கும் வரியில் உள்ள -1, இந்தத் திரையில் ரீசெட் பின் இல்லை என்பதைச் சொல்கிறது. கடைசியில் உள்ள `display.display()` வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதுவரை எழுதியதெல்லாம் நானோவின் நினைவகத்தில்தான் இருக்கும், அந்த வரி ஓடும்போதுதான் அது கம்பி வழியாகத் திரைக்குப் போகிறது. முகவரியும் ஒயரும் சரியாக இருந்து திரை மட்டும் காலியாக இருந்தால் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

தேவனாம்பட்டினம், கடலூர்

எனக்கும் இதே முகவரிப் பிரச்சினைதான், ஆகவே இங்கேயே கேட்கிறேன். துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் மீன் பெட்டியில் ஐஸ் கட்டியின் குளிர் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காக 1.3 அங்குலத் திரை ஒன்றை இணைத்தேன். தேடும் நிரலில் 0x3C என்று தெளிவாக வருகிறது. ஐயா கொடுத்த நிரலை அப்படியே ஓட்டினால் திரை முழுவதும் மணல் தூவியதுபோல் புள்ளிகள், அவற்றின் நடுவே உடைந்த கோடு ஒன்று மட்டும் தெரிகிறது. 0x3D என்று மாற்றினால் அதுவும் இல்லை. சரியான முகவரி எது? கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு, உப்புக்காற்றில் பின்களில் பச்சை பூத்திருக்கிறது, அதனால் இருக்குமோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

உங்கள் பிரச்சினை முகவரி இல்லை. முகவரி தவறாக இருந்தால் புள்ளி கூட வந்திருக்காது. தேடும் நிரல், அந்த எண்ணில் ஒருவர் இருக்கிறார் என்பதை மட்டுமே சொல்லும், அவர் யார் என்று சொல்லாது. 0.96 அங்குலத் திரைகளில் பெரும்பாலும் இருப்பது எஸ்எஸ்டி1306 என்ற சில்லு. 1.3 அங்குலத் திரைகளில் பெரும்பாலும் இருப்பது எஸ்ஹெச்1106. இரண்டும் 0x3C-இல்தான் பதில் சொல்லும். ஆனால் எஸ்ஹெச்1106-இன் உள்ளே 132 பத்திகள் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியும் 128 அவற்றின் நடுவில் அமைந்திருக்கும். அதைவிட முக்கியம், முழுப் படத்தையும் ஒரே ஓட்டமாக அனுப்பும் முறை எஸ்எஸ்டி1306-க்குத் தெரியும், எஸ்ஹெச்1106-க்குத் தெரியாது. அதற்கு ஒவ்வொரு வரிப் பட்டையாகத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதனால்தான் ஒரே பட்டையில் எல்லாம் விழுந்து, மற்ற இடங்களில் மின்சாரம் கொடுத்தபோது நினைவகத்தில் இருந்த குப்பை அப்படியே தெரிகிறது.

`U8g2` லைப்ரரியைப் போட்டு, இந்த வகையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

```
U8G2_SH1106_128X64_NONAME_F_HW_I2C u8g2(U8G2_R0);
```

பச்சை பூத்த பின்களையும் கட்டாயம் துடைத்து, பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறி அதனால் வருவது இல்லை.

காலாப்பட்டு மாணவி

ஐயா, நான் நோட்எம்சியுவில் இரண்டு திரைகள் இணைக்க நினைக்கிறேன். இரண்டுமே 0x3C என்றால் என்ன செய்வது? பின்னால் இருக்கும் அந்த ரெசிஸ்டரை இடம் மாற்ற வேண்டுமா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ஆம், அந்த இடம் இருப்பதே அதற்காகத்தான். ஒன்றின் ரெசிஸ்டரை 0x7A பக்கம் மாற்றினால் அது 0x3D ஆகிவிடும். மெல்லிய முனை உள்ள சால்டரிங் அயனைக் கொண்டு, சூடு அதிக நேரம் படாமல் மாற்றுங்கள். இந்த மலிவான பலகைகளில் சூடு கூடினால் செம்புப் பொட்டே உரிந்து வந்துவிடும். மாற்றியவுடன் அந்தத் திரையை மட்டும் தனியாக இணைத்துத் தேடும் நிரலை ஓட்டி, 0x3D வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைச் சேருங்கள். நோட்எம்சியுவில் நினைவகம் தாராளமாக இருப்பதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. நானோவில் இதைச் செய்திருந்தால் இரண்டு திரைகளுக்கு 2048 பைட் தேவைப்பட்டு, அப்போதுதான் அந்த `allocation failed` உண்மையிலேயே வந்திருக்கும்.

கெடிலக்கரை, கடலூர்

ஐயா, 12.6 என்று வோல்ட் அழகாக வந்துவிட்டது. என் திரையின் மேல் பட்டை மஞ்சளாகவும் கீழே நீலமாகவும் இருக்கிறது. இரண்டாம் அளவு எழுத்தின் உயரம் 16 புள்ளிகள் என்பதால் வோல்ட் முழுவதும் அந்த மஞ்சள் பட்டைக்குள்ளேயே கச்சிதமாக அமர்ந்துவிட்டது. தொலைவிலிருந்தே படிக்க முடிகிறது.

ஆனால் வாடிக்கையாளர் வீட்டில் பேட்டரி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, திரை கூடத்துச் சுவரில் வேண்டும் என்கிறார். அதற்காகத் திரையின் நான்கு ஒயர்களையும் மூன்று மீட்டர் நீட்டினேன். இப்போது தேடும் நிரலில் 0x3C சரியாக வருகிறது, ஆனால் எழுத்து பாதியில் உடைந்து, சில நேரம் திரை முழுவதும் சிதறிப்போகிறது. முகவரி கிடைக்கிறது, ஆனால் எழுத்து வரவில்லை என்றால் எங்கே தவறு?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

தேடும் நிரல் `Wire`-இன் இயல்பு வேகமான 100 கிலோஹெர்ட்ஸில் பேசுகிறது. திரையின் லைப்ரரியோ படத்தை அனுப்பும்போது மட்டும் வேகத்தை 400 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்திக்கொண்டு, அனுப்பி முடித்ததும் பழையபடி 100-க்குக் குறைத்துவிடுகிறது. குறைந்த வேகத்தில் மூன்று மீட்டர் ஒயர் தாக்குப்பிடிக்கிறது, அதிக வேகத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. ஒயர் நீள நீள இரண்டு கம்பிகளுக்கும் கிரவுண்டுக்கும் இடையே உள்ள மின்தேக்கம் கூடுகிறது. ரெசிஸ்டர் அந்தக் கம்பியை மேலே இழுப்பதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுகிறது. அந்த வேகத்தைக் குறைக்க இப்படி எழுதலாம்.

```
Adafruit_SSD1306 display(128, 64, &Wire, -1,
                         100000UL, 100000UL);
```

எஸ்டிஏ ஒயரையும் எஸ்சிஎல் ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்காமல், ஒவ்வொன்றையும் ஒரு கிரவுண்டு ஒயரோடு சேர்த்துக் கொண்டுபோங்கள்.

கெடிலக்கரை, கடலூர்

வேகத்தைக் குறைத்ததும் எழுத்து நிலையாக நின்றுவிட்டது, உடையவில்லை. இரண்டு நாள் கடையில் ஓட விட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு குறை மிச்சம். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் மாறும் நொடியில், பத்து முறைக்கு ஒரு முறையாவது திரை உறைந்து பழைய வோல்ட்டையே காட்டிக்கொண்டிருக்கிறது. நானோவை அணைத்துப் போட்டால்தான் சரியாகிறது.

வில்லியனூர்ப் பொறியாளர், புதுச்சேரி

இன்வெர்ட்டர் மாறும்போது வரும் அதிர்வு அந்த நீண்ட ஒயரில் புகுந்து பேச்சை நடுவில் அறுத்துவிடுகிறது. நானோ பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றுவிடும். `display.begin()` வரிக்குக் கீழே இதைச் சேர்த்துப் பாருங்கள்.

```
Wire.setWireTimeout(25000, true);
```

25 மில்லி நொடிக்குள் பேச்சு முடியாவிட்டால் நானோ அதை விட்டுவிட்டு முன்னே போகும். பழைய அர்டுயினோ மென்பொருளில் இந்தக் கட்டளை இருக்காது, நானோவுக்கான போர்டு தொகுப்பைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். `display.begin()` தானும் உள்ளே ஒரு முறை `Wire.begin()` அழைக்கும் என்பதால், அதற்குப் பிறகு இந்த வரியை எழுதுவது நல்லது.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

தம்பி சொன்னதைச் செய்து பாருங்கள், நானோ நிற்காமல் ஓடும். ஆனால் திரையின் சில்லு நடுவில் குழம்பியிருந்தால், நானோ ஓடினாலும் திரை தெளியாமல் இருக்க வாய்ப்பிருக்கிறது. என் கருத்து, நானோவையே கூடத்துச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரைக்கும் அதற்கும் இடையே ஒரு சாண் ஒயர் மட்டும் வைத்துவிட்டு, பேட்டரியின் வோல்ட்டை மாடிப்படிக்குக் கீழேயே ரெசிஸ்டர்களால் குறைத்து அந்த மூன்று மீட்டரில் அனுப்புவது. மெதுவாக மாறும் ஒரு வோல்ட்டை அத்தனை தூரம் கொண்டுபோவது எளிது.

வில்லியனூர்ப் பொறியாளர், புதுச்சேரி

அப்படிச் செய்தால் அதே அதிர்வு அளவிலேயே புகுந்து வோல்ட் தாறுமாறாகக் காட்டும் ஐயா. திரை உறைவதைவிடத் தவறான வோல்ட் காட்டுவது மோசமானது என்று நினைக்கிறேன்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

நானோவின் அளக்கும் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்து, பதினாறு முறை அளந்து சராசரி எடுத்தால் அது அடங்கிவிடும் என்பது என் அனுபவம். இரண்டு முறையையும் ஒரே இன்வெர்ட்டரில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கெடிலக்கரை, கடலூர்

கடையில் பழுதுக்கு வந்த இன்வெர்ட்டர் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் பொறியாளர் சொன்ன வரியைச் சேர்த்து நீண்ட ஒயரோடும், இன்னொன்றில் ஐயா சொன்னபடி நானோவைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தும் கட்டுகிறேன். மெயின் சுவிட்சை இரண்டிலும் ஐம்பது ஐம்பது முறை போட்டு எடுத்து, எத்தனை முறை உறைந்தது, எத்தனை முறை வோல்ட் தவறியது என்று எழுதி வைத்து ஞாயிற்றுக்கிழமை இங்கே பதிகிறேன்.